பிரெயில் படிக்கும்போது பார்வைப் புறணிக்கு என்ன வேலை? காந்தத் தூண்டல் சோதனை எதை நிறுவுகிறது?

கயல்விழி | 3 ஜூன் 2024, இரவு 9.10

சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர்கள் பிரெயில் எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கும்போது, மூளையின் மேலடுக்கில் பிடரிப் பக்கம் இருந்து பார்வையைக் கையாளும் பார்வைப் புறணி சுறுசுறுப்படைகிறது என்று சடாட்டோவும் அவருடைய குழுவினரும் 1996-இல் பாசிட்ரான் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். இதை எடுத்துச் சொல்லும் பலரும் அடுத்த வரியிலேயே "ஆகவே அவர்கள் பார்வைப் புறணியைக் கொண்டு படிக்கிறார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த "ஆகவே" எனக்கு உறுத்துகிறது.

ஸ்கேனில் ஓர் இடம் ஒளிர்ந்தால் அங்கே அந்த நேரத்தில் இரத்த ஓட்டம் கூடியிருக்கிறது என்று மட்டுமே பொருள். வேறெங்கோ நடக்கும் வேலையின் சமிக்ஞை பழைய இணைப்புகள் வழியாக அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கலாம். படிப்பதற்கு அதனால் எந்தப் பயனும் இல்லாமலும் இருக்கலாம். மண்டைக்கு வெளியே இருந்து காந்தத் துடிப்பு கொடுக்கும் டிஎம்எஸ் முறை இந்தச் சிக்கலை அவிழ்த்துவிட்டது என்கிறார்கள். உண்மையில் அவிழ்த்ததா? அந்தக் கருவியைக் கையில் பிடித்து வேலை செய்தவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.

சுந்தரம் | 3 ஜூன் 2024, இரவு 10.05

நான் மின்னணுவியல் துறைக்காரன். கருவியின் அடிப்படை மிக எளிது. ஒரு பெரிய மின்தேக்கியை உயர் மின்னழுத்தத்தில் ஏற்றி, அதைச் செப்புச் சுருள் ஒன்றின் வழியாக ஒரே அடியில் இறக்குகிறார்கள். சில ஆயிரம் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலத்தை மண்டையோடு தடுப்பதில்லை. ஆகவே மூளையின் எந்த ஆழத்தையும் அடையலாம். எந்தப் பகுதி மீது அடிக்கிறோமோ அந்தப் பகுதி கொஞ்ச நேரம் அணைந்துவிடும். அணைத்தபோது படிக்க முடியவில்லை என்றால் அந்தப் பகுதிதான் படிக்கிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

மெய்யப்பன் | 4 ஜூன் 2024, காலை 6.40

நரம்பு உடலியங்கியல் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் இந்தச் சுருளைப் பிடித்திருக்கிறேன். சுந்தரம் சொன்னதில் முதல் பாதி சரி. "எந்த ஆழத்தையும்", "அணைந்துவிடும்" ஆகிய இரண்டும் சரியல்ல. கயல்விழியின் கேள்விக்கான பதில் இந்த இரண்டிலும்தான் அடங்கியிருக்கிறது என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நரம்பணுவைத் தூண்டுவது காந்தப்புலம் அன்று. காந்தப்புலம் வேகமாக மாறும்போது மூளைத் திசுவுக்குள் ஒரு மின்புலம் பிறக்கிறது. சுருளுக்கு அடியில் காந்தப்புலம் ஏறத்தாழ 2 டெஸ்லா வரை போகும். அந்த உயரத்தை அது 100 மைக்ரோவினாடி அளவில் எட்டுவதால்தான் புறணியில் மீட்டருக்கு 100 வோல்ட் என்ற அளவில் மின்புலம் உண்டாகிறது. நரம்பிழை எங்கே வளைகிறதோ, எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் இந்த மின்புலம் சவ்வின் மின்னழுத்தத்தை மாற்றி, நரம்பைச் சுடவைக்கிறது.

மண்டையோடு காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் தூரம் அதைத் தேய்த்துவிடுகிறது. எட்டு வடிவச் சுருளைக் கொண்டு தலையின் மேற்பரப்பிலிருந்து சுமார் 2 அல்லது 3 சென்டிமீட்டர் வரைதான் பயனுள்ள அளவில் தூண்ட முடியும். சுருளைப் பெரிதாக்கினால் ஆழம் கூடும், ஆனால் குவிவு போய்விடும். எப்படிச் செய்தாலும் மேற்பரப்பைவிட ஆழத்தில் அதிகமாகத் தூண்ட இயலாது. ஆகவே நாம் பேசுவது மண்டைக்கு நேர் கீழே இருக்கும் புறணியைப் பற்றி மட்டுமே. பார்வைப் புறணியிலும் பிடரி முனையை அடையலாம். இரு அரைக்கோளங்களுக்கு நடுவே உள்ளே மடிந்திருக்கும் பெரும்பகுதியை நேரடியாக அடைய முடியாது. ஆய்வுக் கட்டுரைகளில் "பார்வைப் புறணி" என்று ஒற்றைச் சொல்லில் எழுதும்போது இது மறைந்துபோகிறது.

துடிப்பு வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் காண்பதற்குத் தசைகளை அசைக்கும் இயக்குப் புறணிதான் வசதி. 1985-இல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் உடன் பணியாற்றியோரும் முதன்முதலில் காட்டியது இதைத்தான்: தலையின் மேல் சுருளை வைத்து ஒரு துடிப்பு கொடுத்தால் எதிர்ப்பக்கக் கையின் தசை துடிக்கிறது. துடிப்பு கொடுத்து ஏறத்தாழ 20 மில்லிவினாடிக்குப் பிறகு கைத்தசையில் மின் அலை பதிவாகும். என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் துள்ளியதை முதல் முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வலி இல்லை, மண்டையில் யாரோ சுண்டியது போல் இருக்கும், "டக்" என்று கூர்மையான ஓசையும் கேட்கும்.

கதிர் | 4 ஜூன் 2024, காலை 8.15

தலைவலிக்குக் காந்தத் தலையணை வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்களே, அது இதன் சிறிய வடிவமா? எம்ஆர்ஐ ஸ்கேனிலும் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்கிறார்கள். அதற்குள் அரை மணி நேரம் படுத்திருந்தேன், என் விரல் எதுவும் துள்ளவில்லை. இரத்தத்தில் உள்ள இரும்பைக் காந்தம் இழுப்பதால்தான் இவை எல்லாம் நடக்கின்றன என்று படித்த நினைவு.

மெய்யப்பன் | 4 ஜூன் 2024, காலை 8.50

கதிரின் விரல் துள்ளாததே நல்ல சான்று. ஸ்கேனரின் முதன்மைக் காந்தப்புலம் எவ்வளவு வலிதாக இருந்தாலும் அசையாமல் நிற்கிறது; அசையாத காந்தப்புலத்தின் முன் அசையாமல் படுத்திருப்பவரின் மூளையில் மின்புலம் பிறக்காது. டிஎம்எஸ்-இல் அதே அளவுப் புலம் விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் எழுகிறது. கணக்குப் போட்டால் விநாடிக்கு 20,000 டெஸ்லா என்ற வேகம் வரும். தலையணைக் காந்தத்தில் மாற்ற வேகம் சுழியம். இரத்தத்தின் இரும்புக்கு இதில் பங்கில்லை. தலையணை மென்மையாக இருந்தால் தூக்கம் வரும், அதற்குக் காந்தம் பொறுப்பாகாது.

மெய்யப்பன் | 4 ஜூன் 2024, இரவு 9.30

இப்போது கயல்விழியின் கேள்விக்கு வருகிறேன். 1997-இல் லியோனார்டோ கோஹென் குழுவினர் செய்த சோதனையை மட்டும் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதன் அமைப்பே வாதமாக இருக்கிறது.

சிறுவயதில் பார்வை இழந்து பிரெயில் நன்றாகப் படிப்பவர்களை ஒரு குழுவாக எடுத்தார்கள். பொருள் இல்லாத எழுத்துத் தொடர்களை விரலால் தடவி, எழுத்து எழுத்தாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொற்களாக இருந்தால் பாதியை ஊகித்துச் சொல்லிவிடலாம் என்பதால் பொருளற்ற தொடர்கள். விரல் நகரத் தொடங்கியதும் விநாடிக்கு 10 துடிப்புகள் வீதம் 3 விநாடி நீளும் தொடர் ஒன்றைத் தலையின் வெவ்வேறு இடங்களில் கொடுத்தார்கள். சில முறை சுருளைத் தலைக்குப் படாமல் காற்றில் வைத்துச் சுட்டார்கள். ஓசை மட்டும் கேட்கும், மூளைக்கு ஒன்றும் போகாது.

பிடரியின் மேல் கொடுத்தபோது பிழைகள் கூடின. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் சொன்ன அனுபவம்: சிலர் புள்ளிகள் காணாமல் போயின என்றார்கள், சிலர் இல்லாத புள்ளிகள் இருப்பதாகத் தோன்றியது என்றார்கள், சிலர் புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றிலிருந்து எதுவும் புரியவில்லை என்றார்கள்.

பார்வை உள்ளவர்களைக் கொண்டு ஒப்புக்குழு அமைத்தார்கள். அவர்கள் புடைத்த ரோமன் எழுத்துகளை விரலால் தடவி அறிந்தார்கள். அவர்களுடைய பிடரியில் அதே தூண்டலைக் கொடுத்தபோது தொட்டறிவதில் தடுமாற்றம் ஏற்படவில்லை. அதே இடத்தில் தூண்டினால் கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை குலையும் என்பது முன்பே தெரிந்தது.

ஸ்கேன் சொன்னது, படிக்கும்போது அந்த இடம் சுறுசுறுப்படைகிறது என்று. இந்தச் சோதனை சொல்வது, அந்த இடத்தைக் குலைத்தால் படிப்பு குலைகிறது என்று. முன்னதில் நாம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தோம். பின்னதில் நாமே தேர்ந்த நேரத்தில், நாமே தேர்ந்த இடத்தில் கையை வைக்கிறோம். "ஆகவே" என்று எழுதும் உரிமை முதல் முறையாக இங்கேதான் கிடைக்கிறது.

கயல்விழி | 5 ஜூன் 2024, இரவு 8.20

அந்த உரிமை முழுதாகக் கிடைத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று ஐயங்கள். பிடரியில் சுட்டால் கழுத்துத் தசைகளும் துடிக்கும் அல்லவா? விநாடிக்கு பத்து முறை கழுத்து வெட்டி இழுக்கும்போது யாருக்குத்தான் ஒழுங்காகப் படிக்க வரும்? இரண்டாவது, காற்றில் சுடுவதால் ஓசைக்கு மட்டும்தான் ஈடு கிடைக்கிறது, தோலில் உண்டாகும் உணர்வுக்கு ஈடு எங்கே? மூன்றாவது, ஒப்புக்குழு படித்தது பிரெயில் அன்று, ரோமன் எழுத்து. வேலையே வேறாக இருக்கும்போது இரண்டு குழுக்களையும் எப்படி ஒப்பிடுவது?

மெய்யப்பன் | 5 ஜூன் 2024, இரவு 10.45

முதல் இரண்டுக்கும் விடை அந்த ஒப்புக்குழுதான். அவர்களுக்கும் அதே கழுத்து, அதே தோல், அதே ஓசை. தொந்தரவு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அவர்களுடைய தடவலும் குலைந்திருக்க வேண்டும். தவிர, தொந்தரவால் கவனம் சிதறியவர் "எனக்குக் கவனம் போய்விட்டது" என்றுதான் சொல்வார். இல்லாத புள்ளி விரல்நுனியில் தோன்றியது என்று சொல்ல மாட்டார்.

மூன்றாவது ஐயத்திற்கு என்னிடம் முழு விடை இல்லை. பார்வையுள்ளவர்களுக்குப் பிரெயில் தெரியாது என்பதால் வேறு வழி இல்லாமல் அவ்வாறு செய்தார்கள். பழகிய எழுத்தைச் சரளமாகப் படிப்பதும், பழகாத எழுத்தை மெல்லத் தடவிக் கண்டுபிடிப்பதும் ஒரே வேலை என்று சொல்ல முடியாது. அந்த ஓட்டை இருக்கத்தான் செய்கிறது.

நீங்கள் கேட்காத நான்காவது ஐயம் ஒன்றும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஓரிடத்தில் கொடுத்த துடிப்பு அங்கேயே நிற்பதில்லை. நரம்பிழைகள் வழியாக அது தொடர்புள்ள மற்ற இடங்களுக்கும் ஓடுகிறது. தூண்டிக்கொண்டே ஸ்கேன் எடுத்தவர்கள் தொலைவில் உள்ள பகுதிகளிலும் மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் பிடரியில் அடித்தபோது படிப்பைக் குலைத்தது பிடரிதானா, அல்லது பிடரியிலிருந்து எதிரொலி போய்ச் சேர்ந்த, தொடு உணர்வைக் கையாளும் உச்சிப் பகுதியா? டிஎம்எஸ்-ஐ மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரிப்பது கடினம்.

இந்த இடத்தில் ஒரு நோயாளியின் வரலாறு உதவிக்கு வருகிறது. பிறவியிலேயே பார்வை இல்லாத, பிரெயிலில் மிகத் தேர்ந்த பெண் ஒருவருக்குப் பிடரியின் இரு பக்கமும் பக்கவாதத்தால் சேதமடைந்தது. விரலில் புள்ளிகள் தட்டுப்பட்டன, ஆனால் எழுத்தைப் படிக்கும் திறன் போய்விட்டது. பாஸ்குவல்-லியோன் குழுவினர் 2000-இல் இதை வெளியிட்டார்கள். அங்கே துடிப்பும் இல்லை, ஓசையும் இல்லை, எதிரொலியும் இல்லை. ஒற்றை நோயாளியை வைத்துப் பொதுவிதி எழுதக் கூடாதுதான். ஆனால் முற்றிலும் வேறான குறைகளை உடைய இரண்டு சான்றுகள் ஒரே திசையைக் காட்டும்போது அதற்கு எடை கூடுகிறது.

சுந்தரம் | 6 ஜூன் 2024, காலை 7.30

ஆழம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். புலத்தின் வீழ்ச்சியைக் கணக்கிட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் வருகிறது. ஆனால் "அணைந்துவிடும்" என்பதில் என்ன தவறு? தற்காலிக மூளைச் சேதம் என்றுதானே ஆய்வாளர்களே எழுதுகிறார்கள். அணைத்தால் விளக்கு எரியவில்லை என்றால் அது சுவிட்சுதானே.

மெய்யப்பன் | 6 ஜூன் 2024, இரவு 9.15

அணைப்பதாக இருந்தால் இயக்குப் புறணியில் அடிக்கும்போது கை தளர்ந்து விழ வேண்டும். கை துள்ளுகிறது. பார்வையுள்ளவரின் பிடரியில் அடித்தால் சில சமயம் கண்ணுக்குள் ஒளிப்பொறி தெரிகிறது. துடிப்பு முதலில் செய்வது சுடவைப்பது. ஆயிரக்கணக்கான நரம்பணுக்கள் அவரவர் வேலையை விட்டுவிட்டு ஒரே நேரத்தில் சுடுகின்றன. அதன் பின் ஓர் அமைதி வருகிறது. நடந்துகொண்டிருக்கும் நுட்பமான உரையாடலின் நடுவே ஒருவர் திடீரென உரக்கக் கத்தியதைப் போன்ற நிலை அது. பேச்சு குலைகிறது, ஆனால் பேசியவர்கள் யாரும் அறையை விட்டுப் போகவில்லை.

இந்த வேறுபாடு சொல்லாடலுக்காக அல்ல. அணைப்பு என்றால் எப்போது அணைத்தாலும் ஒன்றுதான். குலைப்பு என்றால் வேளை முக்கியம். 1989-இல் அமாசியன் குழுவினர் பார்வையுள்ளவர்களுக்கு மூன்று எழுத்துகளைக் கணநேரம் காட்டி, அதற்குப் பின் வெவ்வேறு இடைவெளிகளில் பிடரியில் ஒற்றைத் துடிப்பு கொடுத்தார்கள். எழுத்து தோன்றி 80 முதல் 100 மில்லிவினாடிக்குள் துடிப்பு விழுந்தால் எழுத்துகள் மங்கின அல்லது தெரியவே இல்லை. 40 மில்லிவினாடிக்கு முன்போ, 140 மில்லிவினாடிக்குப் பின்போ விழுந்தால் எழுத்துகள் நன்றாகத் தெரிந்தன. தோல், ஓசை, கழுத்து எல்லாம் மூன்று நிலைகளிலும் ஒன்றுதான். மாறியது நேரம் மட்டுமே. காரணம் பற்றிப் பேச டிஎம்எஸ் தரும் மிகச் சுத்தமான வாதம் இதுதான் என்பது என் கருத்து. ஸ்கேனுக்கும் பக்கவாதத்துக்கும் இந்தக் கூர்மை கிடையாது.

கோஹெனின் பிரெயில் சோதனையில் 3 விநாடித் தொடர் கொடுத்ததால் இந்தக் கூர்மை இல்லை. பின்னர் பாஸ்குவல்-லியோனும் ஹாமில்டனும் ஒற்றைத் துடிப்பு வைத்துப் பார்த்தபோது, பார்வையற்றவர்களிடம் தொடு உணர்வுப் பகுதியைக் குலைக்க உகந்த நேரம் முன்னதாகவும் பிடரியைக் குலைக்க உகந்த நேரம் அதற்குச் சற்றுப் பின்னதாகவும் இருந்தது. செய்தி விரலிலிருந்து முதலில் அங்கே போய், பிறகு இங்கே வருகிறது என்ற வரிசைக்கு அது பொருந்துகிறது.

நளினா | 7 ஜூன் 2024, மாலை 5.50

இந்த இழையைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு முப்பது வயதுக்கு மேல் பார்வை போனது, அதன் பிறகு பிரெயில் கற்றேன், வேகமாகப் படிக்க வராது. ஓர் ஆய்வுக்குழு இதே போன்ற சோதனைக்கு என்னை அழைத்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய கேள்வித்தாளில் வலிப்பு வந்ததுண்டா, மயங்கி விழுந்ததுண்டா, தலையில் உலோகம் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் எனக்கு ஒரு முறை வலிப்பு வந்ததாக அம்மா சொல்வார். இப்போது மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டையும் எழுதினால் விலக்கிவிடுவார்களோ என்று எழுதாமல் விடலாமா என யோசிக்கிறேன்.

மெய்யப்பன் | 7 ஜூன் 2024, இரவு 7.05

நளினா, இரண்டையும் எழுதுங்கள். எழுதாமல் விடுவது ஒன்றுதான் இதில் உண்மையான ஆபத்து.

அந்தக் கேள்வித்தாளை நிரப்புவதை யாரும் விரும்புவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது வந்த வழி இது: தொடர்த் துடிப்பு முறை தொடங்கிய காலத்தில் ஆரோக்கியமான தன்னார்வலர்கள் சிலருக்கே வலிப்பு வந்தது. விநாடிக்கு எத்தனை துடிப்பு, எவ்வளவு வலிமை, எத்தனை விநாடி என்ற மூன்றும் சேர்ந்துதான் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அப்போதுதான் தெளிவானது. 1998-இல் வாசர்மன் வெளியிட்ட பாதுகாப்பு அட்டவணை அதன் விளைவு. வலிமையை ஒவ்வொருவருக்கும் தனியாக அளக்கிறோம்: ஓய்வில் இருக்கும் கைத்தசையில் பத்துக்கு ஐந்து முறையாவது 50 மைக்ரோவோல்ட் அலையை எழுப்பும் மிகக் குறைந்த வலிமை எதுவோ, அதுவே அவருடைய தொடக்க அளவு. அதைவிடப் பத்து விழுக்காடு கூடுதலான வலிமையில் விநாடிக்கு 10 துடிப்பு என்றால் 5 விநாடி வரை கொடுக்க அந்த அட்டவணை இடம் தருகிறது. விநாடிக்கு 20 துடிப்பு என்றால் 1.6 விநாடியோடு நிறுத்திவிட வேண்டும்.

இந்த வரம்புகள் வலிப்பு வரலாறு இல்லாதவர்களைக் கொண்டு வகுக்கப்பட்டவை என்பதால்தான் கேள்வித்தாள் முதலில் வருகிறது. "ஆம்" என்று ஒரு விடை இருந்தாலே விலக்கிவிடுவது நடைமுறை அன்று. காக்ளியர் இம்பிளான்ட் போன்று சுருளுக்கு அருகில் வரும் மின்னணுப் பொருத்தி இருந்தால் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. மற்றவற்றில் மருத்துவர் எடைபோட வேண்டும். நோயைக் குணமாக்க வருபவருக்கு ஓரளவு ஆபத்தை ஏற்கக் காரணம் உண்டு. உங்களைப் போல் ஆய்வுக்கு உதவ வருபவருக்கு இதிலிருந்து நேரடிப் பயன் எதுவும் இல்லாததால் அளவுகோல் கடுமையாகத்தான் இருக்கும். குழந்தைப் பருவக் காய்ச்சல் வலிப்பு ஒரே முறை வந்து போனது என்றால் பல மருத்துவர்கள் அதைப் பெரிதாகக் கொள்ள மாட்டார்கள். மாத்திரையின் பெயர் தெரிய வேண்டும், ஏனெனில் மனச்சோர்வு மருந்துகளில் சில வலிப்பின் வாசலைத் தாழ்த்துகின்றன, சில அவ்வளவாக இல்லை. சோதனைக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அது இன்னொரு ஆபத்து.

எண்ணிக்கையில் சொன்னால், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அமர்வுகளைத் திரட்டி 2019-இல் வெளியான கணக்கெடுப்பில் 24 வலிப்புகள் பதிவாயின. ஆயிரம் அமர்வுக்கு 0.08 என்ற வீதம். வரம்புக்குள் இருந்து, ஆபத்துக் காரணியும் இல்லாதவர்களுக்கு அது இன்னும் குறைவு.

மெய்யப்பன் | 7 ஜூன் 2024, இரவு 9.40

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றை நான் எப்போதும் வாய்விட்டுக் கேட்பேன்: நேற்று இரவு தூங்கினீர்களா? எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று எழுதிய இளைஞர் ஒருவர், இரவெல்லாம் விழித்திருந்து நேராக வந்ததாக இந்தக் கேள்விக்குப் பிறகுதான் சொன்னார். திருப்பி அனுப்பினேன், சற்றுக் கோபத்தோடுதான் போனார்.

அறையில் நாங்கள் காண்பது பெரும்பாலும் வலிப்பு அன்று, மயக்கம். ஊசி போட்டால் மயங்குபவர்கள் இங்கேயும் மயங்கலாம். முகம் வெளுத்து, வியர்த்து, கண் இருட்டுகிறது என்பார்கள். விழும்போது கைகால் இரண்டொரு முறை வெட்டி இழுப்பதும் உண்டு, அதைப் பார்த்து வலிப்பு என்று பதறுவார்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் மயங்கியவர் சில விநாடிகளில் தெளிந்து, எங்கே இருக்கிறோம் என்பதைச் சரியாகச் சொல்வார். வலிப்புக்குப் பிறகு அந்தத் தெளிவு உடனே வராது. தொடர்த் துடிப்பின்போது நான் கண் எடுக்காமல் பார்ப்பது கையை: விரலில் மட்டும் இருந்த துடிப்பு முன்கைக்கு ஏறினாலோ, தொடர் முடிந்த பிறகும் தசை துடித்தாலோ அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

நளினா | 8 ஜூன் 2024, காலை 11.00

இரண்டையும் எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் முடிவு செய்யட்டும். இப்போது என் சொந்த ஆவல்: இத்தனை நேரம் பேசியது சிறுவயதில் பார்வை இழந்தவர்களைப் பற்றி. என் பிடரி நான் படிக்கும்போது ஏதாவது செய்கிறதா, சும்மா இருக்கிறதா?

கயல்விழி | 8 ஜூன் 2024, இரவு 8.35

நளினாவின் கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கோஹென் குழுவே 1999-இல், 14 வயதுக்குப் பிறகு பார்வை இழந்தவர்களிடம் அதே சோதனையைச் செய்தது. பிடரியில் தூண்டியபோது அவர்களுடைய பிரெயில் படிப்பு குலையவில்லை. ஆகவே ஒரு வயது எல்லை இருக்கிறது என்று எழுதினார்கள். ஆனால் 2008-இல் மெராபெட் குழுவினர் நல்ல பார்வை உள்ள பெரியவர்களின் கண்களை ஐந்து நாள் முழுவதுமாகக் கட்டிவைத்துப் பிரெயில் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்தாம் நாளில் பிடரியைத் தூண்டியதும் அவர்களுடைய தொட்டறியும் திறன் குறைந்தது. கட்டை அவிழ்த்து ஒரு நாள் ஆனதும் அந்த விளைவு இல்லை. ஐந்து நாளில் வருவது, பல ஆண்டுகள் இருளில் இருந்தவர்களிடம் ஏன் இல்லை?

சுந்தரம் | 8 ஜூன் 2024, இரவு 9.20

விளைவு இல்லை என்பதற்கு அந்தப் பகுதிக்கு வேலை இல்லை என்று பொருளா, அல்லது துடிப்பு போதவில்லை என்று பொருளா? வலிமையைக் கைத்தசையை வைத்து அளந்து, பிடரியில் பயன்படுத்துகிறீர்கள். தலையோட்டின் தடிமன், புறணிக்கும் சுருளுக்கும் உள்ள தூரம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க முடியாதே.

மெய்யப்பன் | 8 ஜூன் 2024, இரவு 10.30

சுந்தரம் கேட்டது சரியான கேள்வி, நானே எழுதியிருக்க வேண்டியது. கையின் தொடக்க அளவைப் பிடரிக்குக் கடன் வாங்குவது வசதிக்காகச் செய்வது. பார்வையுள்ளவர்களுக்காவது ஒளிப்பொறி தெரிகிறதா என்று கேட்டுச் சரிபார்க்கலாம். நெடுங்காலம் பார்வையற்றவர்கள் பலருக்கு அதுவும் தெரிவதில்லை. ஆகவே "குலைந்தது" என்ற முடிவுக்கும் "குலையவில்லை" என்ற முடிவுக்கும் சமமான எடை கிடையாது. குலையாமல் போனதற்கு நூறு காரணம் இருக்கலாம்.

கயல்விழி காட்டிய முரணுக்கு என் ஊகம்: கண்ணைக் கட்டியதும் வெளிப்படுவது ஏற்கெனவே இருந்து அடங்கிக் கிடந்த இணைப்புகள். சிறுவயதில் பார்வை இழந்தவர்களிடம் இருப்பது வளர்ந்து நிலைபெற்ற வேறொரு கட்டமைப்பு. இரண்டும் ஒரே சோதனையில் ஒரே மாதிரி தெரியலாம். ஊகம்தான், நிறுவப்பட்டதாகக் கொள்ள வேண்டாம்.

கயல்விழி | 9 ஜூன் 2024, மாலை 4.10

இன்னொன்று படித்தேன், அது நாம் பேசிய எல்லாவற்றையும் அசைக்கிறது. 2004-இல் அமெடி குழுவினர் சிறுவயதில் பார்வை இழந்தவர்களுக்கு ஒரு பெயர்ச்சொல்லைக் காதில் கேட்கச் செய்து, அதற்குப் பொருத்தமான வினைச்சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். விரலுக்கு வேலையே இல்லை. பிடரியில் தூண்டியபோது அவர்கள் பொருள் தவறிய வினைச்சொற்களைச் சொன்னார்கள். பார்வையுள்ளவர்களிடம் அப்படி நடக்கவில்லை.

அப்படியானால் பிரெயில் குலைந்தது தொடு உணர்வு குலைந்ததாலா, மொழி குலைந்ததாலா? பக்கவாதம் வந்த பெண்மணிக்கும் புள்ளிகள் தட்டுப்பட்டன, எழுத்துதான் புரியவில்லை. அதுவும் மொழியின் பக்கம் சாய்கிறது.

மெய்யப்பன் | 9 ஜூன் 2024, இரவு 9.50

இதை எதிர்பார்த்தேன். இரண்டு நாளாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த இடத்தைக் குலைத்தால் படிப்பு குலைகிறது என்பது நிற்கிறது. அந்த இடம் படிப்புக்கு என்ன கொடுக்கிறது என்பதற்கு அந்தச் சோதனையில் விடை இல்லை. புள்ளிகளின் வடிவத்தைக் கொடுக்கிறதா, எழுத்தின் அடையாளத்தைக் கொடுக்கிறதா, பெயரை வாய்க்குக் கொண்டுசேர்க்கிறதா? எழுத்தை வாய்விட்டுச் சொல்லும் வேலையில் இவை மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன, எங்கே அறுந்தாலும் பிழை ஒன்றுதான்.

மொழியின் பக்கம் முழுதும் சாய்ந்துவிடவும் என்னால் முடியவில்லை. இல்லாத புள்ளி தோன்றியது என்று கோஹெனின் சோதனையில் சொன்னார்களே, அதை மொழி என்று எப்படி விளக்குவது? 2008-இல் ப்டிட்டோ குழுவினர், பிரெயில் படிக்கும் பார்வையற்றவர்கள் சிலரின் பிடரியில் வெறுமனே துடிப்பு கொடுத்தபோது அவர்களுக்கு விரல்களில் தொடு உணர்வு எழுந்ததைப் பதிவு செய்தார்கள். அவர்கள் அப்போது எதையும் படிக்கவில்லை. பிடரி முனையின் ஒரு பகுதி தொடுவதற்கும் இன்னொரு பகுதி சொல்லுக்கும் போயிருக்கலாம். எங்கள் சுருளின் குவிவு ஒரு சென்டிமீட்டர் அளவில் நிற்கிறது. அதற்குள் இரண்டும் அடங்கிவிட்டால் எங்களால் பிரிக்க முடியாது.

பிரிக்க வேண்டுமானால் எழுத்தே இல்லாத தொடுவேலை ஒன்று வேண்டும்: இரண்டு புடைப்புகளுக்கு இடையே உள்ள தூரம் கூடுதலா குறைவா என்று மட்டும் கேட்பது போல. அதை ஒற்றைத் துடிப்போடு, நேரத்தை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

நளினா | 10 ஜூன் 2024, மதியம் 1.15

ஆய்வுக்குழுவின் மருத்துவர் பேசினார். காய்ச்சல் வலிப்பு எத்தனை வயதில், எத்தனை நிமிடம் என்று கேட்டார்; மாத்திரைச் சீட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். தொடர்த் துடிப்புச் சோதனையில் என்னைச் சேர்க்கவில்லை. ஒற்றைத் துடிப்புச் சோதனை ஒன்று இருக்கிறது, அதில் சேரலாம் என்றார். அதில் மெய்யப்பன் எழுதியதைப் போல இடைவெளியை ஒப்பிடும் வேலையும் இருக்கிறதாம்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த "டக்" ஓசை எவ்வளவு பெரிது? நான் சாலையைக் கடப்பதே காதை நம்பித்தான்.

மெய்யப்பன் | 10 ஜூன் 2024, இரவு 7.20

காதுக்கு மிக அருகில் எழும், மிகக் குறுகிய, கூர்மையான ஓசை. குறுகியதாக இருப்பதால் பெரிதாகத் தோன்றாது, அதனால்தான் ஏமாற்றிவிடும். முதல் துடிப்புக்கு முன்பே இரண்டு காதிலும் காதடைப்பான் இருக்க வேண்டும். தொடக்க அளவைத் தேடும் கட்டத்திலும் இருக்க வேண்டும், ஏனெனில் அது சோதனையில் சேராது என்று நினைத்துச் சிலர் அப்போது போடுவதில்லை. நுரை வகை என்றால் உருட்டி உள்ளே நுழைத்து விரிவதற்கு நேரம் கொடுங்கள். நடுவில் தளர்ந்தால் கையை உயர்த்துங்கள், சுருளைப் பிடித்திருப்பவர் நிறுத்த வேண்டும். முடிந்த பிறகு காதில் ரீங்காரம் இருந்தாலோ மந்தமாகக் கேட்டாலோ அங்கேயே சொல்லிவிடுங்கள், அது சரியாகும் வரை தனியாகக் கிளம்ப வேண்டாம். உங்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம் என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லி, காதின் திறனை முன்னும் பின்னும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சுந்தரம் | 10 ஜூன் 2024, இரவு 8.00

அந்த இடைவெளி வேலையின் முடிவு வந்தால் இங்கே எழுதுங்கள், நளினா. துடிப்பு எத்தனை மில்லிவினாடியில் விழுந்தது என்பதையும் மறக்காமல் கேட்டு வாருங்கள்.